வளர்ற பிள்ளைக்கு வாங்கிய பை

வளர்ற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல ஸ்கூல் பையையும் பெரிசாக எடுத்துவிட்டால் சில வருசத்துக்குக் கவலையில்லை என்றுதான் நம்பியிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்தப் பையோடு காலையில் குனிந்து குனிந்து வேனுக்குப் போனதையும், சாயங்காலம் அப்படியே திரும்பியதையும் பார்த்ததும் பதறிப்போனேன். பிள்ளைக்கு முதுகு கூன் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, எலும்பு டாக்டரிடம் டோக்கன் போட போனை எடுத்தேன்.

"பையக் கழட்டிட்டு நட தாயி," என்றாள் மனைவி.

மகள் நிமிர்ந்து நடந்தாள்.

"புள்ள நேராத்தான் இருக்கா. நீங்க வாங்குன பைதான் ஒங்க தொப்பை மாதிரி இடுப்புக்குக் கீழ தொங்குது."

அன்றைக்கே புதுக்கோட்டைக் கடைவீதியில், மகளின் முதுகுக்கு அடங்குகிற, அகலமான பஞ்சு வார் வைத்து அழுத்தமாகத் தைத்த பையாகத் தேடினோம். கடைக்காரர், "வளர்ற புள்ள, ஒரு சைஸ் கூட எடுங்க சார்," என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டில் மனைவி, வாங்கி வந்த சின்னப் பையில் அடுக்குவதற்கு முன், டைம்டேபிளில் இல்லாத புத்தகங்களை வெளியே எடுத்தாள். கனமானதை முதுகை ஒட்டி வைத்தாள், லேசானதைப் பையின் முன்பக்கம் வைத்தாள். இரண்டு வாரையும் இழுத்து, பையை முதுகோடு பதியவைத்தாள்.

மறுநாள் மகள் நிமிர்ந்து நடந்து வேன் ஏறினாள். பழைய பையில் நான் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தேன்.