சாம்பல் நிறக் கேபிள்

நீல உறை போட்ட கேபிள் கேட் சிக்ஸ் என்ற வேகமான ரகம், சாம்பல் உறை போட்டது கேட் ஃபைவ் என்ற பழைய ரகம். பதினோரு வருடமாக நெட்வொர்க் வயரிங் செய்து பிழைக்கிறவன் நான். இதை மனதார நம்பியிருந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்த ஞானம். கேபிளின் மேல் ஏதோ எழுதியிருக்கும் என்பது தெரியும். சட்டையின் உட்புறம் துவைக்கும் முறை எழுதியிருப்பதும்தான் தெரியும். எவன் படித்தான்?

ஒரு பௌர்ணமி மதியம், ஆசிரமம் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் அம்மா போன் செய்தார். போன மாதம்தான் அவர் வீட்டு மாடிச் சுவரை வெட்டிக் கேபிள் புதைத்திருந்தேன். மேலே பூச்சு, அதற்கு மேலே வெள்ளை பெயின்ட், எல்லாம் முடிந்திருந்தது.

"ஏம்பா, மாடி ரூம்ல நெட்டே வரல. அங்க தங்கியிருக்கிற பொண்ணுக்கு நாலு மணிக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ. அழுவுற மாதிரி நிக்குது."

"வைஃபைல பாக்கச் சொல்லுங்கம்மா."

"வைஃபை மேல எட்டலன்னுதானே உன்னக் கூப்ட்டேன்? கீழ எல்லா ரூமும் கிரிவலத்துக்கு வந்தவங்க, உக்கார எடமில்ல. இந்தக் கூட்டத்துல செல்லுலயும் நெட் சுத்திக்கினே கீது. இன்னா வயர்தான் போட்ட நீ?"

கிரிவலக் கூட்டத்தால் செங்கம் ரோட்டில் அன்றைக்கு வண்டி விடமாட்டார்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, நன்றாகவே எடுத்திருந்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கேபிள் சாம்பல் நிறம்.

கேமரா வேலைக்கு வைத்திருந்த கேபிள் பெட்டியை மாற்றிப் போட்டுவிட்டேன்! சுவரை உடைக்க வேண்டும், ஒரு பெண்ணின் வேலை போகும், அந்த அம்மா ஆசிரமம் பக்கம் ஒவ்வொரு வீடாகப் போய் என் புகழ் பாடுவார். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். சிமென்ட் பூச்சுக்குள் போகும் எலியை எங்கே பிடிப்பது?

கேபிள் வாங்கும் கடைக்கு ஓடினேன். அங்கே கல்லாவில் இருக்கும் பெண் ஆளைப் பார்த்ததுமே எடை போடுகிறவள்.

"இன்னாண்ணா, போலீஸ் தொரத்துதா?"

போனை நீட்டினேன். "தப்பான கேபிள் போட்டுட்டேன்மா. சாம்பல். செவுத்த உடைக்கணும்."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். "கண்ணாடி வூட்டுலயா? எழுத்தப் படிங்க."

படித்தேன். கேட் சிக்ஸ், யூடிபி, இருபத்து மூணு ஏடபிள்யூஜி, நாலு ஜோடி என்று உறையிலேயே அச்சடித்திருந்தது.

"சாம்பல்ல எப்படி கேட் சிக்ஸ்?"

"கலரு கம்பெனிக்காரன் இஷ்டம்ணா. நீலம் தீந்துபோச்சு, இதுவும் சிக்ஸ்தான்னு சொல்லித்தான் குடுத்தேன். நீங்க டீ குடிச்சிக்கினே தலைய ஆட்டினீங்க." கொஞ்சம் நிறுத்தி, "கேட் ஃபைவ் ஈயா இருந்தாக்கூட ஒரு ரூமுக்கு நெட் ஜம்முனு வரும். இதுக்குப் போயி செவுத்த இடிக்கிறாராம்."

"அப்ப ஏன் வரல?"

அவள் படத்தைக் கீழே நகர்த்தினாள். கழற்றித் தொங்கவிட்ட மூடியிலிருந்த துளையில் ஒரு வெள்ளை வயர் செருகியிருந்தது. உருண்டையாக இல்லை, பட்டையாக. அதன் மேல் ஒரு எழுத்தும் இல்லை. பிளக்குக்கு இரண்டு பக்கமும் சந்து தெரிந்தது. லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய மறுமுனை மேசை மேல் கிடந்தது.

"அந்தத் தலையில பல்லு எத்தினி, எண்ணுங்க."

பொன் நிறத்தில் நாலு.

"நெட் பிளக்குக்கு எட்டு இருக்கும், அகலமும் ஜாஸ்தி. இது ஆர்ஜே லெவன், லேண்ட்லைன் போன் பிளக்கு. இதுகூடத் தெரியாம நீங்க எங்க கஸ்டமரு. வெளியில சொல்லாதீங்க."

கடை வாசலிலிருந்தே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "லேப்டாப்புக்கு மாட்ட நான் குடுத்த மஞ்சள் வயர் எங்கம்மா?"

"பீரோவுல கீதுப்பா. வெள்ளச் செவுத்துல மஞ்சளா தொங்குனா நல்லாவா இருக்கும்? பழைய போன் வயரு வெள்ளையா இருந்துச்சு, போட்டேன். கச்சிதமா உள்ள போச்சே!"

"போகும்மா. போய்ச் சும்மா உக்காந்துக்கும். ஓரத்துக் கம்பிங்கள தொடாது. மொதல்ல அதக் கழட்டிட்டு மஞ்சள மாட்டுங்க."

மாட்டினார். லேப்டாப்பில் பச்சை விளக்கு எரிந்தது. அப்போது மூன்று ஐம்பது. அந்தப் பெண் நாலு மணி இன்டர்வியூவில் சரியான நேரத்துக்கு உட்கார்ந்தாள்.