முயலின் தட்டலும் சித்தியின் அன்னக்கூடையும்

1. தவளக்குப்பத்தில் சித்தி மகள் வளர்த்த முயல், ராத்திரியில் பின்னங்காலால் கூண்டின் பலகையைத் தட்டத் தொடங்கியது.
2. கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர், மாடியில் யாரோ மாவு இடிப்பதாக நினைத்துச் சண்டைக்கு வந்தார்.
3. சத்தம் நிற்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முயலை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது.
4. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காகத் தங்கையின் போன் பறிமுதலாகியிருந்ததால் எனக்குக் கடிதம் வந்தது. கொண்டுவந்தவர், லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கும் மீன் விற்க வரும் சித்திதான்.

நான் அப்போது கால்நடை மருத்துவம் மூன்றாம் வருடம். பாதத்தில் புண் இருக்கிறதா, தீனி தின்கிறதா, எந்தெந்த நாள் தட்டுகிறது என்று கேட்டு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. புண் இல்லை. தீனி குறைந்திருக்கிறது. கடைசி வரி: "வெள்ளிக்கிழமை மட்டும் தட்டறதில்ல அக்கா."

"வெள்ளிக்கிழமை நான் கூண்டுக்கும் கற்பூரம் காட்டுறேன்ல, அதான்" என்றார் சித்தி.

வெள்ளிக்கிழமை வாங்க ஆள் குறைவு என்று சித்தி வியாபாரத்துக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் திரும்பியதும் மீன் சுமக்கும் அன்னக்கூடையை அலசி எங்கே கவிழ்ப்பார் என்று கேட்டேன்.

"வெளிய கூண்டு மேலதான். காத்து நல்லா வரும்."

உட்கார்ந்து கடிதம் எழுதினேன்:

"முயலுக்குப் பேய் பிடிக்கவில்லை. ஆபத்து என்று பட்டால் முயல் பின்னங்காலால் தரையில் அறையும். வளைக்குள் இருக்கும் மற்ற முயல்களுக்கு அது எச்சரிக்கை. உன் முயலுக்கு வேறு முயல் இல்லாததால் உங்களையும் ஹவுஸ் ஓனரையும் எச்சரிக்கிறது. மீன் வாசத்துக்குப் பூனை வந்து கூண்டின்மேல் ஏறுகிறது என்று நினைக்கிறேன். கூடையை அங்கே வைக்காதீர்கள். கூண்டை வீட்டுக்குள் கொண்டுபோ. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வை. தட்டும்போது அதட்டாதே, பயம் கூடும். தின்பதை அடியோடு நிறுத்தினால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ."

என் தவறு, அதையும் சித்தியிடமே கொடுத்தனுப்பியது. தெருமுனையிலேயே பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என் கூடை மேல பழி போடவா உன்ன அஞ்சு வருஷம் படிக்க வெக்கிறாங்க?"

"பூனை வருதான்னு இன்னிக்கு ராத்திரி பாருங்க சித்தி."

"பாக்குறேன். வரலன்னா இனிமே உனக்கு வஞ்சிரமும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது."

மறுநாள் வாசலில் கூடையை இறக்கியவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒண்ணு இல்லடி. மூணு. சாய்ஞ்சு படுத்துக்கிட்டு நக்குதுங்க."

கூடை இப்போது மொட்டைமாடியில் காய்கிறது. கூண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முயல் பழையபடி தின்கிறது. மிக்ஸி போட்டால் மட்டும் ஒரு தட்டு தட்டும். அதை யாருக்கும் கொடுக்கவில்லை. மொட்டைமாடியில் பூனைத் தொல்லை என்று ஹவுஸ் ஓனர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.