கிளை சேராத ஏழாவது விவசாயி

வெல்லாவெளி ஊரைச் சேர்ந்த விதுர்ஷா பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதியாண்டு படித்தாள். ஆய்வறிக்கைக்கு அவள் எடுத்த தலைப்பு, கடலோரம் மணல் மூடிக் கிடக்கும் வாவியின் ஆற்றுவாயை எப்போது வெட்டிவிடுகிறார்கள், அது தாமதமானால் கரையோர வயல் வட்டைகளுக்கு என்ன ஆகிறது என்பது. போனிலும் லெப்டொப்பிலும் இருந்த மைண்ட் மெப் செயலியில் தலைப்பை நடுவில் போட்டு, அதிலிருந்து கிளைகளை இழுத்துக்கொண்டு போனாள். நேர்காணல் தந்த ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு சிறு பெட்டி. பெயர் போடக்கூடாது என்பதால் எண்தான்.

அப்பா சாமித்தம்பியையும் கேட்டிருந்தாள். அவர் ஏழாவது.

"வெட்டுறதா விடுறதா எண்டு அதிகாரிமார் கூட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள எங்கட வட்டைக்குள்ள தண்ணி வந்திரும் புள்ள. போட்டுக்க" என்று சிரித்தார்.

கார்த்திகை மழையில் வயல் வரம்பு உடைந்துவிட்டதா என்று பார்க்கப் போன மனுஷன் திரும்பி வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, புதர்ப் பற்றைக்குள் கிடந்தாரென்று உடலைக் கொண்டுவந்தார்கள்.

விதுர்ஷா அழவில்லை. அம்மா சுலோஜனாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. முப்பத்தோராம் நாள் முடிந்ததும் விதுர்ஷா விடுதிக்குத் திரும்பினாள். ஆய்வு மேற்பார்வையாளர் நஸீபா மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்:

"தலைப்ப மாத்துங்க மகள். ஒப்படைக்கிறதுக்குத் தவணை நான் எடுத்துத் தாறன்."

"வேணாம் மிஸ். இதையே செய்றன்."

பிடிவாதமெல்லாம் இல்லை. புதிதாக ஒன்றை யோசிக்க அவளுக்குள் எதுவும் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

வசனம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பெட்டிகளை நகர்த்த மட்டும் முடிந்தது. ஒரு கிளையை மறுபக்கம் கொண்டுபோவாள், நிறம் மாற்றுவாள், சுருக்கி வைப்பாள், மறுகா விரிப்பாள். மெப் பெருத்துக்கொண்டே போனது. அறிக்கையில் ஒரு பக்கமும் இல்லை. ஏழாம் பெட்டியை மட்டும் எப்போதோ கிளையிலிருந்து கழற்றி ஓரத்தில் தனியே விட்டிருந்தாள்.

அறைத்தோழி ஏறாவூர் றிஸ்லா ஒரு நாள் நூலகத்தில் விதுர்ஷாவின் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்பிடியே பாத்துக்கிட்டிருந்தா எழுத வராது புள்ள. இஞ்ச பாரு, இதையே வரிசையாக் காட்டும்."

ஒரு பொத்தானை அழுத்தினாள். பரந்து கிடந்த கிளைகள் மேலிருந்து கீழாக, தலைப்பும் உபதலைப்புமாக அடுக்கி நின்றன. எல்லாவற்றையும் மூடி முதல்மட்டத்தை மட்டும் விட்டாள். 'காரணங்கள்' என்பதற்குள் கணக்கில்லாத வரிகள். 'ஆய்வு முறை' என்பதற்குள் ஒன்றுமே இல்லை.

"பாத்தியா? எதக் குறைக்கணும், எதச் சேக்கணும் எண்டு இப்ப தெரியுது. சும்மா 'வெள்ளம்' எண்டு போடாத. வெள்ளத்தப் பத்தி நீ என்ன சொல்லப் போற? அத ஒரு வசனமாப் போடு. அந்த வசனத்த விரிச்சா பந்தி."

விதுர்ஷா தட்டச்சினாள். 'ஆற்றுவாய் வெட்டும் முடிவு தாமதமாவதால் தாழ்ந்த வட்டைகளே முதலில் மூழ்குகின்றன.' றிஸ்லா அடுத்தடுத்த தலைப்பைச் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் அசைந்தன.

றிஸ்லா அதை வேர்ட் கோப்பாக மாற்றினாள். கிளைகளெல்லாம் தலைப்புகளாக வந்திருந்தன. நேர்காணல் பகுதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆறுக்குப் பிறகு எட்டு வருது. ஏழக் காணல்ல."

றிஸ்லா மெப்பைத் திறந்து, ஓரத்தில் கிடந்த பெட்டியைக் கண்டுபிடித்தாள்.

"இது ஒண்டுலயும் சேராமக் கிடக்கு. இந்தச் செயலியில சேராதது வரிசைக்கு வராது. எந்தக் கிளையில போட?"

கேட்டபின்தான் பெட்டிக்குள் இருந்ததைப் படித்தாள். 'வெல்லாவெளி. கூட்டம் முடியுமுன் தண்ணி வந்திரும்.' அவள் கை மவுஸிலிருந்து எடுபட்டது.

"இது உங்கட வாப்பாவா?"

"ஓம்."

"விட்டுருவமா? மத்த ஆக்கள் சொன்னது போதும் தானே."

விதுர்ஷா மவுஸை வாங்கினாள். பெட்டியைப் பிடித்து 'முடிவு தாமதமாதல்' என்ற கிளையின் மேல் கொண்டுபோய் விட்டாள். கோடு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கோப்பை மறுபடி மாற்றச் சொன்னாள். ஆறு, ஏழு, எட்டு. நெஞ்சுக்குள் ஏதாவது வருமென்று காத்திருந்தாள். நூலகத்து மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அதன்பிறகு எழுதினாள். வரிசையில் எது வந்ததோ அதை, ஒரு வசனத்துக்கு ஒரு பந்தியாக. நன்றாக எழுதினாளா என்று அவளுக்கே தெரியாது.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் பக்கங்களைப் புரட்டினார்.

"இந்த ஏழாவது விவசாயி சொன்னதுதான் உங்கட முடிவுக்கே அடிப்படை. வெள்ளத்துக்குப் பிறகு அவரத் திரும்பச் சந்திச்சீங்களா?"

நஸீபா மிஸ்ஸின் பேனை நின்றது.

"இல்ல சேர். அவர் அந்த வெள்ளத்தில செத்திட்டார்."

பரீட்சகர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறி இட்டார்.

"அதையும் ஒரு அடிக்குறிப்பாப் போடுங்க."

"ஓம் சேர்."

அன்று பின்னேரம் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"முடிஞ்சிதம்மா. நாளைக்கு வாறன்."

"சாப்பிட்டியா புள்ள?"

மேசையில் பிரிக்காமல் கிடந்த சோற்றுப் பொதியை அப்போதுதான் கண்டு, "இல்லம்மா, இனித்தான்" என்று அதை அவிழ்த்தாள்.