மதினி கீறிய ரப்பர்

என் மகனுக்கு நிச்சயம் பேசி முடித்த அன்று காலை, வண்டிப்பெரியாரிலிருந்து பெண் வீட்டுக்கு என் அண்ணனின் ஜீப்பில்தான் போனோம். ஓட்டியது மதினி. அண்ணனுக்குக் கால்முட்டி வலி வந்த பிறகு கிளட்சை மிதித்து மலையேற முடியவில்லை. அதனால் மதினி லைசன்ஸ் எடுத்து, எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலையை ஏற்றுக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்ற வேண்டிய இடத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

பின்னால் நானும் மகனும். எங்கள் மடியில் பழத்தட்டு, பூ, பெண்ணுக்கு எடுத்த புடவை. பாதிரியார் ஜெபம் சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருந்ததால் தாமதிக்கக் கூடாது என்று நான் கிளம்பும்போதே பலமுறை சொல்லிவிட்டேன்.

தேயிலைக் காட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்து ஏற்றம் தொடங்கியதும் முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. முதலில் மூடுபனி என்றே நினைத்தேன். மதினி வெப்பமுள் ஏறுவதைப் பார்த்து, உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டாள். பானட்டைத் தூக்கியபோது ரேடியேட்டரின் மேலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் நடுவில் வெடித்து, தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அது உப்பியிருப்பதை அண்ணன் போன வாரமே கவனித்து, புதிய ஹோஸ் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். மாட்ட நேரம் அமையவில்லை.

புதியது கையில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று அண்ணன் சொன்னார். என் மனமும் லேசாயிற்று. ஆனால் மதினி யாரையும் கிட்டே விடவில்லை. சூடு இறங்கும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது என்றாள். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம். மகன் வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் நின்றபடியே பெண்ணின் அண்ணனுக்குப் போன் போட முயன்றான். சிக்னல் கிடைக்கவில்லை.

ஆறிய பிறகு மதினி துணியை வைத்து மூடியைத் திறந்தாள். இரண்டு முனைகளிலும் இருந்த கிளிப்புகளைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளினாள். இன்ஜின் பக்கத்து முனையைப் பிடித்துத் திருக்கியதும் வந்துவிட்டது. ரேடியேட்டர் பக்கம் அசையவே இல்லை. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து, ரப்பர் ரேடியேட்டரிலிருந்து நீளும் பித்தளைக் குழாய் முனையோடு ஒட்டிப்போயிருந்தது.

அண்ணன் பொறுமையிழந்து எழுந்து வந்தார். ஹோஸை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலை பம்பரில் ஊன்றினார். அப்போதுதான் மதினி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “இழுக்காதீங்க. பத்தவச்ச இடம் விட்டுச்சுன்னா இன்னைக்கு வண்டி இங்கனயேதான் கெடக்கும்.”

அவர் கை நின்றது. காரணம் எனக்கும் தெரியும். முன்பொரு முறை கீழ் ஹோஸை இப்படித்தான் மூச்சைப் பிடித்து இழுத்தார். ஹோஸோடு பித்தளைக் குழாயும் கோணி, அது ரேடியேட்டர் தொட்டியோடு ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் விரிந்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுபோன கடையில், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தவள் மதினி.

“பின்ன என்னதான் செய்யச் சொல்லுத?” என்றார் அண்ணன்.

“பையத் திருக்கிப் பாப்போம். வரலன்னா ரப்பரக் கீறிருவோம். புதுசு இருக்குல்லா, பழசு போனாப் போகட்டும்.”

ஹோஸைக் குழாய் முனைக்கு நெருக்கமாகப் பிடித்து, வலமாகக் கொஞ்சம், இடமாகக் கொஞ்சம் திருக்கினாள். உடம்பு பலத்தைக் கொடுக்கவில்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு திருக்கலுக்கும் குழாய் கூடவே திரும்புகிறதா என்று அடிப்பக்கம் குனிந்து பார்த்தாள். ரப்பர் முறுகியதே தவிர ஒட்டு விடவில்லை. ஒரு திருக்கலில் குழாயே லேசாக அசைவதுபோல் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

டூல் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். ஹோஸைச் சுற்றி வளையமாக வெட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ குழாய் போகும் வாக்கிலேயே, மேற்பக்கம் நீளமாக ஒரு கோடு கீறினாள். முதல் கீறல் வெறும் கோடுதான். அதே கோட்டில் மறுபடி, மறுபடி. கறுப்பு ரப்பர் பிளந்து உள்ளே நூல் தெரிந்தது. நூல் அறுந்ததும் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டாள்.

அண்ணன், ஒரே வெட்டாக வெட்டினால் என்ன என்று முணுமுணுத்தார். கத்தி பித்தளையில் பட்டுக் கோடு விழுந்தால் அந்தக் கோடு வழியாகவே தண்ணீர் ஒழுகும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், கேள்வி நான் கேட்டதுபோல. அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் ஹோஸின் தொங்கும் முனையை ஆடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

எங்களைக் கடந்து இரண்டு வண்டிகள் ஏறிப்போயின. ஒன்றில் பெண் வீட்டுக்குப் போகும் சொந்தக்காரர்களே இருந்தார்கள். இடமில்லை, ஆனால் தகவல் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். மதினி நிமிர்ந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மறுபடி அந்தக் கோட்டில் குனிந்தாள். என் பரபரப்பு அவளைப் பார்க்கப் பார்க்க அடங்கியது. அவளே நிதானமாக இருக்கும்போது நான் மட்டும் பதறுவதில் அர்த்தமே இல்லை என்று தோன்றியது.

கடைசியாக மெல்லிய ஒரு தோல் மிஞ்சியது. அதை அவள் வெட்டவில்லை. கத்தியை வைத்துவிட்டு, கீறலுக்குள் இரண்டு கட்டைவிரல்களையும் விட்டு அகட்டினாள். தோல் கிழிந்தது. கிழிந்த விளிம்பைப் பிடித்து, ஓரமாக உரித்துக்கொண்டே வந்தாள். பாதி வந்ததும் மீதி ‘பொதுக்’கென்று கழன்று அண்ணனின் கைக்கே வந்துவிட்டது. குழாய் இம்மிகூடக் கோணாமல் நின்றது. அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

ஒட்டியிருந்த ரப்பர்ப் பொடியை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து எடுத்தாள். புதிய ஹோஸின் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி இரண்டு பக்கமும் ஏற்றி, கிளிப்புகளை முறுக்கினாள். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது அண்ணன். முட்டி வலியோடு இறங்கி ஏறினார், என் மகனைப் போக விடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் இறங்க இறங்க அவரே ஊற்றினார்.

பெண் வீட்டில் எல்லோரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். பாதிரியாரும் காத்திருந்தார். சம்பந்தியம்மா மதினியின் கைகளைப் பார்த்துவிட்டு, கறை போக அரப்புப் பொடியும் வெந்நீரும் கொடுத்துப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். அவள் போன பிறகு அண்ணன் அங்கிருந்த ஆண்களிடம் நடந்ததை விவரித்தார். நான் வேறு மாதிரி எதிர்பார்த்தேன். அவர் எதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

“நான் இழுத்துருப்பேன், உடைச்சுருப்பேன்,” என்றார். “அவ கையி வேற. நாங்க இப்ப இங்க வந்து நிக்கோம்னா அதுக்கு அவதான் காரணம்.”

கை கழுவிவிட்டு வந்த மதினிக்கு இது காதில் விழுந்ததா என்று தெரியாது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்ணுக்கு அந்தப் புடவை நிறம் பொருந்துகிறது என்று சொன்னாள். ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போடும்போது அவளைக் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். பானட்டைத் திறந்துவைத்து, சூட்டில் ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும் என்று கிளிப்பை இன்னும் அரைத் திருகு முறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளுக்குக் குடை பிடித்திருந்தார். தூறல் தொடங்கியிருந்தது.