அவள் நித்திரையாக இருக்கலாம்

நல்லூரில் கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் ஒரு ரியூசன் நிலையம் இருக்கிறது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு. பக்கத்து அறையில் சாதாரணதரப் பரீட்சைப் பிள்ளைகள் கணக்குப் படிப்பார்கள். அவர்களுடைய சத்தம் தகரத் தடுப்புக்கு மேலால் எங்களிடம் வந்து விழும். எங்கள் வகுப்பில் அநேகமாக எல்லோரும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவர்கள். நான் சேர்ந்தது, இங்கிலாந்தில் படிக்கிற மகளின் பட்டமளிப்புக்குப் போக வேண்டும் என்ற ஆசையில். நான் தமிழில் வணிகம் படித்தவள். கந்தோரில் ஆங்கிலக் கடிதங்களை வாசித்து விளங்கிக்கொள்வேன். வாய் திறந்து கதைப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போயிருக்கவே கூடாது. புதன்கிழமையிலிருந்து மகள் போன் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகள் போய்ச் சேராமல், கீழே ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் நின்றது. வீட்டிலிருந்தால் விசர் பிடிக்கும் என்று கணவர்தான் அரியாலையிலிருந்து மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார்.

"பதறாதை. பிள்ளைக்குச் சோதினைக் காலமாயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் போனையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.

அன்றைய பாடம் may, might, could, can. எங்கள் ரீச்சர் இளம்பிள்ளை. எங்களில் பலருக்கு மகள் வயது. முதலில் அனுமதியும் வேண்டுகோளும். "Can I sit here?" என்று சிநேகிதரிடம் கேட்கலாம், "Could I sit here?" என்றால் இன்னும் பணிவு, "May I sit here?" கந்தோர் மரியாதை என்றார். ஆனால் பதில் சொல்லும்போது "Yes, you can" அல்லது "Yes, you may". அந்த இடத்தில் could வராது. மற்றவரைக் கொண்டு ஒன்று செய்விக்க வேண்டுமானால் "Can you", "Could you".

முன்வாங்கில் இருந்த தபாற்கந்தோர் ஐயா கையை உயர்த்தினார். ஓய்வுபெற்று எவ்வளவோ காலம், இன்னும் சட்டைப் பையில் இரண்டு பேனையுடன் திரிகிறவர்.

"May you give me a glass of water, teacher?"

"ஐயா, May you எண்டு வேண்டுகோள் இல்லை. உங்களுக்குத் தண்ணி கிடைக்காது."

"அப்ப நான் இவ்வளவு காலமும் மரியாதையா மரியாதையா கேட்டுத்தான் ஒண்டும் கிடைக்கேல்லைப் போலை" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம்.

பிறகு ஊகம். இப்போது என்ன நடக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாதபோது may, might, could மூன்றும் சொல்லலாம். might கொஞ்சம் நிச்சயம் குறைந்தது என்று சில புத்தகங்கள் சொல்லும், ஆனால் பேச்சில் அப்படி அளந்து பார்க்கத் தேவையில்லை என்றார் ரீச்சர். can மட்டும் இந்த இடத்துக்கு வராது. அவர் பலகையில் "She can be sleeping" என்று எழுதி அதன் மேல் கோடு கிழித்தார். கீழே "She may be sleeping" என்று எழுதினார். தமிழில் எங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. நீங்கள் போகலாம், அவள் நித்திரையாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே 'லாம்'.

பயிற்சித்தாள் வந்தது. கடைசிக் கேள்வி இதுதான்: உங்கள் பிள்ளை போன் எடுக்கவில்லை. ஏன் என்று நான்கு வசனம் எழுதுங்கள். நல்லதும் வரலாம், கெட்டதும் வரலாம்.

ரீச்சருக்கு என் விஷயம் தெரியாது. வகுப்பில் யாருக்கும் தெரியாது.

எல்லோரும் நல்லதாகவே எழுதினார்கள். வேலையில் இருக்கலாம், குளிக்கலாம், போனுக்குச் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். ரீச்சர் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்து, "ஏன் ஒருத்தரும் கெட்டது எழுதேல்லை? சும்மா பயிற்சிதானே. She might be ill எண்டு எழுதினால் என்ன?" என்று கேட்டார்.

"அப்பிடி எழுதேலாது ரீச்சர்" என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்த குருநகர் அக்கா. கனடாவில் இருக்கும் மகனிடம் போக ஆயத்தமானவர். "என்ரை மனிசன் கடலுக்குப் போனவர். பிந்தினால் நாங்கள் வீட்டிலை அதைப்பற்றிக் கதைக்கவே மாட்டம். வாயாலை சொன்னால் அது கேட்டுக்கொண்டு வந்துவிடும்."

"போஸ்ற் ஒப்பீசிலும் அப்பிடித்தான்" என்றார் ஐயா. "தந்தி குடுக்கப் போறவன் முதல்லை பயப்பிடாதேங்கோ எண்டுதான் சொல்லுவான். அதைக் கேட்ட உடனை சனம் அழத் தொடங்கும்."

என் தாளில் நான்காவது கோடு வெறுமையாக இருந்தது. நான் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மகள் இருந்த மாணவர் விடுதியின் போன் இலக்கம் என்னிடம் இருந்தது. அங்கே அப்போது காலை. என் கணக்கில் இது பெரிய விஷயமே இல்லை. கொழும்பில் அவள் அறை எடுத்திருந்த காலத்தில் வீட்டுக்கார அம்மாவுக்கு எடுத்தால், கதவைத் தட்டிப் போனைக் கையிலேயே கொடுத்துவிடுவா. சைக்கிள்கள் நிறுத்துகிற கொட்டிலடியில் நின்று, படித்ததைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். ஒரு ஆண் குரல்.

"Could you please knock on my daughter's door?"

பிழையில்லாமல் வந்தது. அவர் மிகவும் பணிவாகப் பேசினார். அந்தப் பெயரில் அங்கே ஒருவர் இருக்கிறாரா என்றுகூடச் சொல்ல முடியாதாம். வளர்ந்த பிள்ளை, அவளுடைய சம்மதம் வேண்டுமாம். "I'm afraid I can't" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தாய் என்றேன். அதற்கும் அதே பணிவு. பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். அவளுக்கு ஏதும் ஆபத்து இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? சுகமில்லாமல் இருக்கலாமா? தனக்குத் தானே ஏதும் செய்திருக்கக்கூடுமா?

நான் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொண்டேன். ஆனால் என் வாய் சொன்னது:

"No, no. She is fine. She may be sleeping."

அப்படியானால் தான் ஒரு குறிப்பு எழுதி வைப்பதாகவும், திங்கட்கிழமை அதைப் பார்ப்பார்கள் என்றும் சொல்லி, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை. நான் கொட்டிலடிச் சீமெந்துக் கட்டின்மேல் இருந்துவிட்டேன். என்னைத் தேடி வந்த ரீச்சரின் பின்னால் குருநகர் அக்காவும் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன மாதம் முழுக்க அவள் கமராவை நிறுத்திவிட்டுத்தான் கதைத்தாள் என்பதையும், சாப்பிட்டியா என்றால் ஓம் என்று மட்டும் சொல்வாள் என்பதையும். அதுவரை கணவரிடம்கூட அதை நான் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னதில்லை.

ரீச்சர் என் பக்கத்தில் குந்தினார். "அம்மா, அவையள் கேட்டது சும்மா கேள்வி இல்லை. ஆபத்து இருக்கலாம் எண்டு நீங்கள் சொன்னால்தான் அவைக்குக் கதவைத் திறக்க ஏலும். இல்லை எண்டால் ஏலாது."

"நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர். எனக்கு வாயிலை வருகுதில்லை."

"நான் ஆர் அவைக்கு? தாய் சொல்லவேணும்."

நான் குருநகர் அக்காவைப் பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனோ தெரியாது. அவர் கழுத்திலிருந்த செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "ஒருக்கா கடற்படைக்காரனிட்டை நானும் போய்ச் சொல்லத்தான் வேண்டிவந்தது, மனிசன்ரை போட்டைத் தேடுங்கோ எண்டு" என்றார். "சொல்லு பிள்ளை. அவையின்ரை பாசையிலைதானே சொல்லுறாய்."

திரும்ப எடுத்தேன். அதே குரல். நான் வணக்கம் சொல்லவில்லை, தயவு செய்து என்றும் சொல்லவில்லை.

"I said wrong. She might be in danger. She might be very ill. She could be..."

அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. அவர் முடிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. "Thank you for telling me" என்றார். இப்போதே ஆட்களை அனுப்புவதாகவும், ஆனால் என்ன கண்டார்கள் என்பதை அவளுடைய சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அதன் பிறகு இருந்த நேரத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. கணக்கு வகுப்புப் பிள்ளைகள் விட்டு, சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு போனார்கள். கணவர் வந்து மோட்டார்சைக்கிளில் இருந்து இறங்காமலே நின்றார். ஐயா எங்கிருந்தோ ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

போன் அடித்தபோது பேசியது ஒரு பெண். கதவைத் திறந்தோம், அவள் இருக்கிறாள், அவளோடு ஆள் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல அனுமதியில்லை. "She may call you when she's ready."

அந்த may அனுமதியா, ஊகமா என்று நான் கேட்கவில்லை. இருக்கிறாள் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் இரவு அவள் எடுத்தாள். கமரா இல்லை. காய்ச்சலும் இருந்ததாம், ஆனால் காய்ச்சல் மட்டுமில்லை. இந்தத் தவணை முழுக்க அவள் வகுப்புக்குப் போகவில்லை. பல நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்தார்கள்.

"அம்மா, நீங்களே அப்பிடிச் சொன்னனீங்கள்? எனக்கு ஆபத்து எண்டு?"

"ஓம்."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆரோ வந்து கதவைத் திறக்கிறாங்கள், நான் எப்பிடிக் கிடந்தன் தெரியுமே" என்று அழத் தொடங்கினாள். கோபமா, வேறெதுவுமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"நாங்கள் அங்கை வரலாமோ?"

"இப்ப வேண்டாம்."

"இஞ்சை வாவன் பிள்ளை."

"பேந்து சொல்லுறன் அம்மா."

இப்போது அவள் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறாள். அங்கே ஒருவரிடம் போய்க் கதைக்கிறாள் என்கிறாள். அவர் ஆணா, பெண்ணா, என்ன கேட்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் பேந்து, பிறகு சொல்கிறேன் என்கிறாள். நான் கேட்பதைக் குறைத்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் ரீச்சர் பயிற்சித்தாள்களைத் திருப்பித் தந்தார். என் தாளில் நான்காவது கோடு வெறுமையாகவே இருந்தது. அதற்குப் பிழையும் போடவில்லை, புள்ளியும் போடவில்லை. வகுப்பு முடியும்போது குருநகர் அக்கா தன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். அதில் அவருடைய மகனைப் பற்றி, அன்று எழுதேலாது என்ற கெட்ட வரியை அவர் புதிதாக எழுதிச் சேர்த்திருந்ததைக் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நேற்று அவள் எடுக்க வேண்டிய நாள். எடுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரமாகியும் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, "நித்திரையாயிருக்கலாம்" என்றார்.

நான் விடுதி இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியதை முழுதாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை வசனத்தின் கடைசி வரைக்கும். கணவர் என்னைத் தடுக்கவில்லை. எழும்பிப் போய் வாசற்படலையைப் பூட்டிவிட்டு வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்தார்.