குரலில்லாத குத்தல்

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனவரி எழுதுவது அவள் பிழைப்பு. கம்பெனி படத்தை அனுப்பாது. வசனத்தை மட்டும் தாளில் அனுப்பும். இந்தத் தொடரில் ஒரு காட்சி: பிரசவத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கும் கணவனிடம் மனைவி, "சீக்கிரமே வந்துட்டியே" என்கிறாள். இவளும் அப்படியே எழுதினாள்.

"பொண்டாட்டி உருகிப்போற மாதிரி இருக்கும்மா. இன்னொரு தடவை திருப்பி அனுப்ப வெச்சீங்கன்னா தொடர் வேற ஆளுக்குப் போயிடும்" என்றார் திருத்துநர்.

கெஞ்சிக் கேட்டபிறகு ஒலி வந்தது. நடிகை குரலை உயர்த்தவேயில்லை, அத்தனையும் விஷம். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆச்சரியக்குறி போட்டு, வாயைத் திறக்காமல் தன் கணவரிடம் நீட்டினாள்.

"நல்ல பொண்ணு, பாவம்" என்றார் அவர்.

அலுப்போடு திரும்ப உட்கார்ந்தாள். தொடர் முழுக்க 'வாடா போடா' என்று பேசியவள் திடீரென்று மரியாதை கொடுத்தால்? "வாங்க சார். அதுக்குள்ள வந்துட்டீங்களே" என்று எழுதி மறுபடி நீட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப நான் என்னடி பண்ணேன்?"

அவள் வரியை அனுப்பிவைத்தாள்.