காற்று எனக்குத் தெரிந்தது

என் கையெழுத்தும் எழுத்துப்பிழைகளும் கண்ணை உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான். மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுவதற்கு, பத்தாவது முடித்தவர்களுக்குத்தான் பயிற்சி தருவார்கள். அதனால் என் மச்சான் போய்ப் படித்து உரிமம் வாங்கிவந்தான்.

எங்கள் கடலோர ஊரான எர்ணாவூரிலிருந்து ட்ரோனை நாள் வாடகைக்கு எடுத்துப்போய் மீஞ்சூர்ப் பக்கத்து நெல்வயல்களில் அடித்தோம். மருந்து கலப்பதும் பேட்டரி மாற்றுவதும் என் வேலை. ஒரு போகத்தில் சில வாரங்களே வேலை இருக்கும் என்பதால் சொந்தமாக வாங்கப் பயந்தோம்.

அன்று களைக்கொல்லி. பதினொரு மணிக்கு இன்னும் ஒரு வயல் மீதி இருந்தது. பிடரியில் கடற்காற்று பட்டது.

"காத்து வந்துகினு கீது மச்சான்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"படிச்சது நீயா நானா மாமா? இத்த வுட்டா நாளைக்கி இன்னொரு நாள் வாடகை" என்று சிரித்தான்.

நான் பேட்டரியை மாட்டிக் கொடுத்தேன்.

அந்த வயலுக்கு மேற்கே, வரப்பைத் தாண்டி ஓர் அம்மாவின் கீரைப்பாத்தி. மூன்றாம் நாள் கீரையெல்லாம் முறுக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தது. அந்த அம்மா மச்சானைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "நீ கடலோரத்து ஆளாச்சே, காத்து உனக்குமா தெரியல?" என்றார்.

தெரிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த போகத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. மச்சான் இப்போது சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் லாரிக்கு இரும்பு ஏற்றுகிறான். அந்த அம்மாவிடம் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன்.

ஆவணி பத்து, செவ்வாய்க்கிழமை.